வீல்சேரோடு ஏறும் வண்டி: முதலில் அளவு, பிறகு ஷோரூம்

கார் ஷோரூமில் நுழைந்ததும் விற்பனையாளர் மைலேஜ் சொல்வார், தவணைத் திட்டம் சொல்வார், எத்தனை நிறங்களில் கிடைக்கும் என்று சொல்வார். வீட்டில் வீல்சேரில் இருப்பவருக்காக வண்டி தேடிப் போனவர்களுக்கு வேண்டிய எண்கள் மட்டும் அந்த வண்ணக் கையேட்டில் இருப்பதில்லை. பின்கதவைத் திறந்தால் வாசல் எத்தனை சென்டிமீட்டர் உயரம்? தரையிலிருந்து வண்டியின் தளம் எவ்வளவு மேலே இருக்கிறது? உள்ளே தளத்துக்கும் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இடம்? இவற்றை நாமே டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டியதுதான். அதற்கும் முன்னால் அளக்க வேண்டியது வண்டியை அல்ல, வீல்சேரில் உட்கார்ந்திருப்பவரை.

அதற்கு அவரைத் தினமும் பயன்படுத்தும் குஷனோடு, வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்கார வைக்க வேண்டும். தரையிலிருந்து உச்சந்தலை வரை ஓர் அளவு. பின்சக்கரத்தின் கடைசி விளிம்பிலிருந்து கால் பெருவிரல் நுனி வரை இன்னொன்று. கைப்பிடி வளையங்களையும் சேர்த்து, அகலம் அதிகமாக இருக்கும் இடத்தில் மூன்றாவது. பிறகு ஆளின் எடையும் நாற்காலியின் எடையும். பெரியவர் ஒருவர் சாதாரண வீல்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலை பெரும்பாலும் 130 முதல் 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பலர் வண்டி வாங்கிய பிறகு திண்டாடுவது இந்த ஓர் எண்ணில்தான்.

நம் ஊர்ச் சாலைகளில் நிறைய ஓடும் மாருதி ஈகோவை எடுத்துக்கொள்வோம். பெட்டி வடிவம், பெரிய பின்கதவு, கட்டுப்படியாகும் விலை. வீல்சேர் வண்டி என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். அதன் மொத்த உயரம் 182.5 சென்டிமீட்டர். பார்க்க உயரமாகத்தான் தெரியும். ஆனால் இந்த வகைச் சிறிய வேன் ஒன்றில் தளம் தரையிலிருந்து 58 சென்டிமீட்டர் மேலே இருந்தால், அதையும் கூரைத் தகட்டின் கனத்தையும் கழித்த பிறகு உள்ளே ஏறத்தாழ 120 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பின்வாசலில் அதைவிடவும் கொஞ்சம் குறையும். 134 சென்டிமீட்டர் உயரத்தில் தலை இருக்கும் ஒருவரைக் கழுத்தை மடக்கித்தான் அதற்குள் தள்ள முடியும். பத்து நிமிடப் பயணத்தில் அது சங்கடம். கழுத்து எலும்பில் அடிபட்டவருக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் அது ஆபத்து.

ஆகவே ரேம்ப்பா லிஃப்ட்டா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவர் நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்கு மாறி உட்கார முடியுமா, அல்லது நாற்காலியோடுதான் பயணம் செய்ய வேண்டுமா?

கைகளில் வலு இருந்து, பலகை வைத்து நகர்ந்தோ ஒருவர் தாங்கிப் பிடித்தோ மாறி உட்கார முடிந்தால், வண்டியை வெட்டவே வேண்டாம். முன் இருக்கை வாசல் பக்கமாகத் திரும்பி, ஆள் உட்கார்ந்ததும் மறுபடி உள்ளே திரும்பும் சுழல் இருக்கை போதும். மாருதி சுசூகி 2025 நவம்பரில் வேகன்ஆர் காருக்கு இப்படியொரு இருக்கையை டீலர்கள் வழியாகவே பொருத்தித் தரத் தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த ட்ரூஅசிஸ்ட் டெக்னாலஜி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஏற்பாடு அது. வேகன்ஆரின் உயரம் 167.5 சென்டிமீட்டர். கார் உயரம் என்பதால் இருக்கையும் தாழ்ந்து கிடப்பதில்லை. வீல்சேர் குஷனுக்கும் கார் இருக்கைக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருந்தால் நகர்ந்து உட்காருவது அந்த அளவுக்கு எளிது. கடைக்குப் போகும்போது இந்த இரண்டு உயரங்களையும் ஒப்பிட வேண்டும். கார் இருக்கை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருந்தால் ஏறுவது சிரமம். தாழ்வாக இருந்தால் இறங்கும்போது நாற்காலிக்கு மீண்டும் ஏறுவது சிரமம்.

சுழல் இருக்கை வாங்குபவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஆள் காரில் ஏறிவிட்டார், நாற்காலி வெளியே நிற்கிறது. அதை மடித்து டிக்கியில் தூக்கி வைக்க ஒருவர் வேண்டும். பதினெட்டு கிலோ இரும்பு நாற்காலியை ஒவ்வொரு தடவையும் தூக்கப் போவது அறுபது வயது மனைவி என்றால், இந்த ஏற்பாடு சில மாதங்களில் நின்றுவிடும். மின்சார வீல்சேரைத் தூக்கவே முடியாது. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கும் காரில் நாற்காலிக்கு இடமும் இருக்காது. வாங்கும்போது சிஎன்ஜி லாபம் என்று யாராவது சொன்னால், முதலில் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும்.

மாறி உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியோடு ஏறும் வண்டிதான் வழி. அப்படி ஒரு வண்டி முதலில் எப்படி வந்தது என்பதே ஒரு நல்ல கதை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வினமாக் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் ரால்ஃப் பிரவுன். சிறு வயதிலேயே தசைகள் நலியும் நோய் வந்து நடக்க முடியாமல் போனவர். வேலைக்குப் போவதற்காக முதலில் தானே ஒரு மோட்டார் ஸ்கூட்டர் செய்துகொண்டார். வேலை செய்த தொழிற்சாலை தூரத்துக்கு மாறியதும் பழைய தபால்துறை ஜீப் ஒன்றில் லிஃப்ட் பொருத்தி, தானே ஓட்டிப் போனார். 1970-இல் டாட்ஜ் நிறுவனத்தின் பெரிய வேனுக்கு ஏற்ற லிஃப்ட்டை உருவாக்கினார். கேட்டவர்களுக்கும் செய்து கொடுக்கத் தொடங்கி, அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஆனால் அவருடைய நிறுவனத்தின் முக்கியமான மாற்றம் 1991-இல் வந்தது. லிஃப்ட்டை விட்டுவிட்டு மினிவேனின் தளத்தையே கீழே இறக்கி, ரேம்ப்பில் ஏறும்படி செய்தார்கள். தூக்கும் இயந்திரத்தில் வல்லவர்களே தளத்தைத் தாழ்த்தும் வழிக்குப் போனார்கள் என்பதை வண்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும்.

திருநெல்வேலியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட கணவர். எடை 72 கிலோ. நாற்காலி 18 கிலோ. மொத்தம் 90. நாற்காலியில் அவருடைய தலை உயரம் 134 சென்டிமீட்டர். தள்ளுபவர் மனைவி. வண்டி ஓட்டுபவர் மகன், ஆனால் எல்லா நாளும் ஊரில் இருப்பதில்லை; மற்ற நாட்களில் வாடகை ஓட்டுநர். தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்துக்குப் பயிற்சிக்காக அடிக்கடி போய்வர வேண்டும். வீடு இருக்கும் தெரு மூன்றரை மீட்டர் அகலம்.

அவர்கள் பார்த்த சிறிய வேனின் தளம் 58 சென்டிமீட்டர் உயரம். அதற்கு ஒன்றரை மீட்டர் நீள ரேம்ப் போதும் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். மடித்து வைக்க வசதி, விலையும் குறைவு. அந்த ரேம்ப் தரையோடு 23 டிகிரி சாய்வில் நிற்கும். 90 கிலோவை அதில் ஏற்ற, உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே, 35 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். மனைவியால் ஆகாத வேலை. பாதி வழியில் கை தளர்ந்தால் நாற்காலி அவர் மேலேயே வரும். ரேம்ப்பை 2.4 மீட்டராக நீட்டினால் சாய்வு நான்குக்கு ஒன்று ஆகும். தள்ள வேண்டியது 22 கிலோ. ஆறுக்கு ஒன்று என்று இன்னும் இதமாக்கினால் 15 கிலோ, ஆனால் ரேம்ப் மூன்றரை மீட்டர் நீளமாகிவிடும். அதை வண்டிக்குள் எங்கே மடித்து வைப்பது?

இப்போது அதே இடத்தில் தளத்தை 20 சென்டிமீட்டர் கீழே இறக்கிய காரை நிறுத்துவோம். தளம் 38 சென்டிமீட்டர். அதே ஒன்றரை மீட்டர் ரேம்ப் போதும். தள்ள வேண்டிய விசை 23 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. தளம் இறங்கிய அளவுக்கு உள்ளே தலைக்கு மேல் இடமும் கூடுகிறது. முன்பு 118 சென்டிமீட்டராக இருந்த வாசல் 138 ஆகிறது. கணவரின் 134 அதில் நுழைந்துவிடுகிறது. ரேம்ப் நீளமும் தலை இடிப்பதும் தனித்தனிப் பிரச்சினைகளாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் தளத்தின் உயரம்தான்.

இந்த இடத்தில் வண்டியின் அடிவயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வண்டியின் தளத்தையும் வெட்டி இறக்க முடியாது. ஈகோ போன்ற வேன்களில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருந்து, பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. நீளமான தண்டு ஒன்று தளத்துக்கு அடியில் ஓடி, இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையான பெட்டியில் போய்ச் சேர்கிறது. அதன் மேல்தான் தளம் உட்கார்ந்திருக்கிறது. இறக்க இடம் கிடையாது. முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் அந்தத் தண்டு இல்லை. அங்கே பின்பக்கம் இருப்பவை பெட்ரோல் டேங்க், புகைக்குழாய், ஸ்டெப்னி. இவற்றை இடம் மாற்றிவிட்டுப் பின்சக்கரங்களுக்கு நடுவே அகலமான பள்ளம் ஒன்றைப் பற்றவைக்கலாம். ஐரோப்பாவில் சாலைகளில் காணப்படும் பின்வாசல் வீல்சேர் கார்கள் பெரும்பாலும் இப்படிச் செய்யப்பட்டவை. மின்சாரக் கார்களில் தளம் முழுக்க பேட்டரி பரவியிருப்பதால், பெரும்பாலானவற்றில் கை வைக்கவே கூடாது.

வெட்டிய தளத்துக்கும் ஒரு விலை உண்டு. பின் இருக்கை போய்விடும். ஓட்டுநர், பக்கத்தில் ஒருவர், பின்னால் வீல்சேர் என்று மூன்று பேர் வண்டியாக அது சுருங்கலாம். தரைக்கும் வண்டிக்கும் இடையிலான இடைவெளியும் குறைகிறது. நம் ஊர் வேகத்தடைகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியை ஓட்டிப் பயனில்லை. வீல்சேரும் ஆளும் உள்ளே இருக்க, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதிலேயே மோசமான வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். கீழே உரசினால் பள்ளத்தின் அடித்தகடு அடிவாங்கும். அதை ஒட்டித்தான் இடம் மாற்றிய புகைக்குழாய் போகிறது. அது நசுங்கி விரிசல் விட்டால் புகை உள்ளே கசியும். கண்ணாடிகளை மூடிக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டியதும் வண்டிக்குள் புகை நாற்றமோ, வீல்சேரின் காலடியில் தகடு கொதிப்பதோ தெரிந்தால் அந்த வேலையை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் லிஃப்ட் யாருக்கு? மின்சார வீல்சேர் வைத்திருப்பவர்களுக்கு முதலில். நாற்காலியே 80 கிலோ, ஆள் 72 கிலோ என்றால் நான்குக்கு ஒன்று சாய்வில் 37 கிலோ விசை வேண்டும். தானே ஏறிவிடுமே என்று நினைக்கலாம். ஆனால் பல மின்சார நாற்காலிகளுக்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் பாதுகாப்பான சாய்வு ஆறு முதல் பத்து டிகிரிதான். நான்குக்கு ஒன்று என்பது 14 டிகிரி. பின்னால் சாய்ந்து கவிழாமல் இருக்க வைத்திருக்கும் சின்னச் சக்கரங்கள் ரேம்ப்பின் அடியில் தட்டும். மேலே ஏறி முடிக்கும் இடத்தில் கால்பலகை மோதும். நாற்காலியோடு வந்த கையேட்டில் அந்த டிகிரி அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் ரேம்ப் வண்டி வாங்கக் கூடாது.

இரண்டாவதாக, பலர் மாறி மாறி ஏறும் வண்டிகளுக்கு: பள்ளி வேன், மறுவாழ்வு மைய வேன், வாடகை வண்டி. இவற்றுக்கு உள்ளே நிமிர்ந்து நிற்குமளவு கூரை உயர்ந்த ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வேன் சரிவரும். தளம் உயரம், அதற்கு ரேம்ப் போட்டால் மூன்று மீட்டரை நெருங்கும். லிஃப்ட் மேடைக்கு ஒன்றேகால் மீட்டர் போதும், நாற்காலி அதில் ஏறித் திரும்ப இன்னும் ஒன்றரை மீட்டர்.

லிஃப்ட்டைப் பார்க்கும்போது எத்தனை கிலோ தூக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்து வண்டிகளின் லிஃப்ட் குறைந்தது 600 பவுண்டு, அதாவது 272 கிலோ தாங்க வேண்டும் என்பது விதி. அது ஒரு நல்ல அளவுகோல். ஆனால் மேடையின் வெளிவிளிம்பில் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். மேடை தரையை விட்டு எழும்பியதும் அது தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அது நிமிராமலே மேடை மேலே போனால், பிரேக் போட மறந்த நாற்காலி பின்னோக்கி உருண்டு விழும். லிஃப்ட் வெளியே இருக்கும்போது வண்டி நகர முடியாதபடி பூட்டு இருக்கிறதா என்பது அடுத்தது. கடைசியாக, கைப்பம்ப். லிஃப்ட் வண்டியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி இறங்கிப்போனால் உள்ளே இருப்பவரை இறக்க ஒரே வழி கையால் இயக்கும் பம்ப்தான். அதன் பிடி எங்கே மாட்டியிருக்கிறது, அதை வைத்து மேடையை எப்படி இறக்குவது என்பதை வாங்கும் அன்றே வீட்டில் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். லிஃப்ட்டுக்குச் சொந்தமாகவே நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால், சிறிய வண்டியில் பொருத்தினால் பின்பக்கம் அமுங்கி, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறையும்.

ரேம்ப்புக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தாழ்ந்த தளம், குட்டையான ரேம்ப், கூடவே சின்ன மின்சார இழுவை. வண்டிக்குள் முன்பக்கம் பொருத்திய மோட்டாரிலிருந்து இரண்டு பட்டைகள் வரும். அவற்றை நாற்காலியின் முன் சட்டத்தில் மாட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினால் மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். கூட இருப்பவர் பின்னால் நின்று திசையைப் பிடித்தால் போதும். இறங்கும்போதும் அதே பட்டைதான் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். திருநெல்வேலிக் குடும்பத்துக்குப் பொருத்தமானது இதுதான். 23 கிலோ விசை என்பது மனைவி எப்போதாவது ஒரு நாள் சமாளிக்கலாம். வாரம் இரண்டு முறை, மழையில் ஈரமான ரேம்ப்பில் முடியாது. இழுவை இல்லாத வண்டியில் இறங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாற்காலி பின்பக்கமாகத்தான் வர வேண்டும், தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழுவார்.

பின்வாசலா பக்கவாசலா என்பதைத் தெரு தீர்மானிக்கும். பக்கவாசல் என்றால் வண்டியின் இடப்பக்கம் ரேம்ப்புக்கு ஒன்றரை, நாற்காலி திரும்ப ஒன்றரை என மூன்று மீட்டர் காலியாக வேண்டும். மூன்றரை மீட்டர் தெருவில் வண்டியே பாதியை அடைத்துக்கொள்ளும், அது நடக்காது. பின்வாசல் தெருவின் நீளவாக்கில் திறக்கிறது, அகலம் பொருட்டில்லை. அதன் தொல்லை வேறு: மருத்துவமனைக்குள் போய்த் திரும்புவதற்குள் யாராவது பின்னால் ஒட்டினாற்போல பைக்கை நிறுத்திவிட்டால் கதவைக்கூடத் திறக்க முடியாது. "பின்னால் மூன்று மீட்டர் இடம் தேவை, வீல்சேர் இறங்கும்" என்று பெரிய எழுத்தில் பின்கண்ணாடியில் ஒட்டுவது பயன் தரும். பக்கவாசலுக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. வீல்சேரில் இருப்பவர் முன் இருக்கை வரை நகர்ந்து, ஓட்டுநர் பக்கத்தில் உட்காரலாம். சிலர் அப்படியே வண்டியையும் ஓட்டலாம். பின்வாசல் வண்டியில் அவர் கடைசி வரிசையிலேயே இருப்பார். பேச்சில் கலந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. வண்டியைத் தேர்வு செய்யும்போது அவரிடமே கேட்க வேண்டும்.

உள்ளே ஏறியாயிற்று. இனிமேல்தான் உயிர் காக்கும் வேலை இருக்கிறது. இந்த இடத்தில்தான் அதிகமான அலட்சியமும் நடக்கிறது. சக்கரத்தின் பிரேக்கைப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வீல்சேர்களையும் அவற்றைக் கட்டும் பட்டைகளையும் சோதிக்கும் சர்வதேசத் தரநிலைகளில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதைப் போல ஒரு சோதனை உண்டு. அதில் ஒவ்வொரு பொருளும் ஏறத்தாழ தன் எடையைப் போல இருபது மடங்கு விசையோடு முன்னால் பாயும். 18 கிலோ நாற்காலி 360 கிலோவாக இழுக்கும். 90 கிலோ மின்சார நாற்காலி 1,800 கிலோவாக இழுக்கும். சக்கரப் பிரேக் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

நாற்காலியை நான்கு பட்டைகளால் தளத்தோடு கட்ட வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னோக்கி மோதும்போது முழு இழுப்பையும் தாங்குபவை பின்பட்டைகள்தான். கொக்கியை மாட்ட வேண்டிய இடம் பற்றவைத்த முக்கியச் சட்டம். சக்கரத்திலோ, கைதாங்கியிலோ, கழற்றி மாட்டும் கால்பலகையிலோ மாட்டினால் அது கையோடு வந்துவிடும். வாகனப் பயணத்துக்குச் சோதிக்கப்பட்ட நாற்காலிகளில் கொக்கி மாட்டும் நான்கு இடங்களும் குறியிடப்பட்டிருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மடக்கு நாற்காலிகள் பலவற்றில் அந்தக் குறி இல்லை. அப்போது கிடை, நெடுங்குழாய்கள் சேருமிடம்தான் வலுவானது. மனிதருக்குத் தனி பெல்ட். நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டை சரிந்துவிடாமல் பிடிக்கத்தான், விபத்துக்கு அல்ல. வண்டியின் மூன்று முனை பெல்ட், கைதாங்கிக்கு மேலே போகாமல், அதன் இடைவெளி வழியாக நுழைந்து இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றின் மேல் ஏறி நின்றால் மோதலில் குடலைக் கிழிக்கும். நாற்காலி எப்போதும் முன்னோக்கியே நிற்க வேண்டும். இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவது மோதலில் கழுத்தையும் விலாவையும் முறிக்கும்.

இந்தப் பட்டைகள் எதில் பிடிக்கின்றன என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியை மெக்கானிக் கடைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்க்கலாம். தளத்தில் பொருத்திய ஒவ்வொரு கொக்கித் தடத்துக்கும் நேர்கீழே, கனமான எஃகுத் தகடும், அதைத் துளைத்து வந்த போல்ட்டும் நட்டும் தெரிய வேண்டும். அவை வண்டியின் சட்டத்தைப் பிடித்திருந்தால் நல்லது. மெல்லிய தகட்டில் திருகாணி மட்டும் எட்டிப் பார்த்தால், 1,800 கிலோ இழுப்பில் அது பிய்த்துக்கொண்டு வரும். பட்டறையின் நேர்மை பத்து நிமிடத்தில் அங்கே தெரிந்துவிடும்.

காகித வேலையையும் வண்டி வெட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவு செய்த வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைக்க, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு இடம் தருகிறது. வேலை முடிந்ததும் அந்த மாற்றம் ஆர்சியில் பதிவாக வேண்டும். தளத்தையே வெட்டும் வேலை என்றால், புணேயில் உள்ள ஆராய், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆய்வு மையம் போன்ற இடங்களில் சோதித்த சான்று அந்த மாதிரிக்கு இருக்கிறதா என்று பட்டறையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் மாற்றம் சேர்க்கப்பட்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

2020 முதல் வண்டிப் பதிவுக்கான படிவம் 20-இல் உரிமையாளர் வகையில் 'திவ்யாங்ஜன்' என்ற பிரிவு தனியாக இருக்கிறது. ஏஜென்ட் நிரப்பித் தருகிறாரே என்று விட்டுவிடாமல் அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. மாற்றுத்திறனாளிக்காகச் சிறப்பாக வடிவமைத்துக் கட்டிய வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டண விலக்கு உண்டு. ஆர்சியில் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் அதற்கான விலக்கு ஃபாஸ்டேக் கேட்க முடியும்.

பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டி வருவது வழக்கமாக நடக்கும் தவறு. கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வீல்சேரில் இருப்பவரையே பட்டறைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் ஏற வேண்டும், கட்டப்பட வேண்டும், ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும், இறங்க வேண்டும். ஓட்டும்போது ரேம்ப் கடகடவென்று ஆடினால் அதன் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அந்தச் சத்தம் பழகிவிடும் என்று சொல்வதை ஏற்கக் கூடாது, ஆடி ஆடிக் கீல் தேயும். திருப்பங்களில் நாற்காலி அசைந்தால் பட்டைகளை இன்னும் இறுக்க வேண்டும். தலைக்கு மேல் இடம் இருக்கிறதா என்பதை வண்டி நின்றிருக்கும்போது பார்த்தால் போதாது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பார்க்க வேண்டும். வழக்கமாகத் தள்ளப்போகிறவர் யாரோ, அவர் கையாலேயே எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். மகன் ஊரில் இல்லாத நாளில் வாடகை ஓட்டுநருக்குச் சொல்லித்தர, நான்கு பட்டைகளை மாட்டும் வரிசையை ஒரு அட்டையில் எழுதி, பின்கதவின் உட்புறத்தில் கண் உயரத்துக்கு ஒட்டிவிடலாம்.